மொழிப் பரிமாற்றத்தில் பேச்சு நேரமும் திருத்தமும்

கேள்வி: திருச்சியில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மன் பி1 முடித்து பி2 படிக்கிறேன். ஜெர்மனியில் மழலையர் பள்ளியில் வேலை செய்யும் ஒருவர், அங்குள்ள ஈழத்தமிழ்ப் பெற்றோருடன் பேசுவதற்காகத் தமிழ் கற்கிறார். இருவரும் வாரம் ஒருமுறை காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். நேரத்தில் பெரும்பகுதி ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் போய்விடுகிறது. அவருக்குத் தமிழ் பேசக் கிடைப்பது பத்து நிமிடம்கூட இல்லை. அவரோ என் தவறுகளைத் திருத்துவதே இல்லை, கேட்டால் "நன்றாகத்தான் பேசுகிறீர்கள்" என்கிறார். நான் அவரைத் திருத்தினால் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் இருவரிடமும் குறை எதுவும் இல்லை. பேச்சை அதன் போக்கில் விட்டால், இருவருக்கும் எளிதாக வரும் மொழி மற்றதை விழுங்கிவிடும். உங்கள் ஜெர்மன் பி1 நிலையைத் தாண்டியிருக்க, அவருடைய தமிழ் தொடக்க நிலையில் இருக்கும்போது இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. திருத்தம் வராததற்கும் ஒருவகையில் இதுவே காரணம். பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பொருள் புரிந்த வாக்கியத்தை நிறுத்தித் திருத்த நல்லெண்ணமுள்ள எவருக்கும் மனம் வராது. நான் பல ஆண்டுகளாக ஜெர்மன் கற்பிப்பவன். மாணவர்களை இப்படிப்பட்ட துணைகளுடன் இணைத்தும் வைக்கிறேன். கீழே சொல்வதில் ஆய்வுகள் உறுதியாகக் காட்டியவை சில, என் பழக்கத்தில் பயன்தந்தவை சில. எது எது என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

இந்த முறைக்கு ஐரோப்பாவில் டான்டம் என்று பெயர். 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர் சந்திப்புகளில் உருப்பெற்று, 1990களில் போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்முட் பிராமெர்ட்ஸ் முதலியோரின் முயற்சியால் மின்னஞ்சல் வழியாகவும் பரவியது. அவர்கள் வகுத்த அடிப்படைகள் இரண்டு. என்ன கற்க வேண்டும், எப்படித் திருத்தப்பட வேண்டும் என்பதைக் கற்பவரே முடிவுசெய்ய வேண்டும் என்பது ஒன்று. இருவரும் சமமாகக் கொடுத்துச் சமமாகப் பெற வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலான இணைகள் கவனிப்பதே இல்லை. உங்கள் துணை திருத்தாமல் இருப்பதற்கு, எதைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் அவரிடம் சொல்லாததே பெரிய காரணமாக இருக்கலாம். "என் தவறுகளைத் திருத்துங்கள்" என்பது யாராலும் நிறைவேற்ற முடியாத வேண்டுகோள். "இன்று வாக்கியத்தில் வினைச்சொல் நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்" என்பது நிறைவேற்றக்கூடியது.

முதலில் நேரம். ஒரு மணி நேரத்தை அலாரம் வைத்து முப்பது முப்பது நிமிடங்களாகப் பிரியுங்கள். பேச்சுக்கு நடுவே "இனித் தமிழுக்கு மாறுவோமா" என்று கேட்பது இருவருக்கும் சங்கடம். அலாரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. தமிழ்ப் பாதி முதலில் வரட்டும். ஜெர்மனில் தொடங்கினால் உரையாடல் சூடுபிடித்த பிறகு தொடக்க நிலைத் தமிழுக்கு இறங்குவது கடினம். தமிழில் தொடங்கிய பின் ஜெர்மனுக்கு மாறுவது இருவருக்கும் இளைப்பாறுதலாகவே இருக்கும். ஒவ்வொரு பாதியிலும் முதல் ஐந்து நிமிடம் சென்ற வாரத் திருத்தங்களைச் சோதிக்க, அடுத்த இருபது நிமிடம் பேச, கடைசி ஐந்து நிமிடம் அன்றைய திருத்தங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை இரு பாதிகளிலும் விலக்குங்கள். தமிழ்ப் பாதியில் சொல் கிடைக்காவிட்டால், அந்த ஜெர்மன் சொல்லைச் சொல்லி "இதற்குத் தமிழில் என்ன?" என்று அவர் கேட்கலாம். நீங்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லின் வரலாற்றை விளக்கத் தொடங்கும் தமிழரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நேரத்தைப் பாதியாகப் பிரித்ததாலேயே பேச்சு நேரம் சமமாகிவிடாது. தமிழ்ப் பாதியில் இருபது நிமிடமும் தமிழே ஒலித்தாலும், அதில் பதினைந்து நிமிடம் நீங்களே பேசியிருந்தால் அது அவருக்குக் கேட்கும் பயிற்சிதான். எந்தப் பாதியிலும் அந்த மொழியின் தாய்மொழியாளர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேசக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. இது ஆய்வு தந்த அளவல்ல, பழக்கத்தில் ஒத்துவந்த அளவு. இருபது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம். இதை நினைவை நம்பி மதிப்பிட வேண்டாம். எல்லோருக்கும் தாம் குறைவாகவே பேசியதாகத்தான் தோன்றும். நீங்கள் Zoom பயன்படுத்தினால், கணினியிலேயே சேமிக்கும் பதிவுக்கான அமைப்புகளில் ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகப் பதியும் வசதி இருக்கிறது. துணையின் ஒப்புதலுடன் ஒரு சந்திப்பைப் பதிந்து, உங்கள் குரல் மட்டும் உள்ள கோப்பின் நகலில் தமிழ்ப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை Audacity மென்பொருளில் திறந்து Truncate Silence என்ற வசதியை இயக்குங்கள். அமைதியான இடங்கள் சுருங்கி, எஞ்சும் நீளம் நீங்கள் பேசிய நேரத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஜெர்மன் பாதிக்கு அவருடைய கோப்பை அவ்வாறே அளக்கலாம். கற்பவரின் குரலை இப்படி அளக்காதீர்கள். சொல்லைத் தேடித் தயங்கும் அமைதியும் அவருடைய பேச்சு நேரம்தான், அதை மென்பொருள் வெட்டிவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். எண்ணைப் பார்த்த பிறகு பேச்சாளர்கள் தாமாகவே அடங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

அந்தத் தயக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். தொடக்க நிலையில் இருப்பவர் வாக்கியத்தின் நடுவில் நிற்கும்போது, கேட்பவர் அதை முடித்துக்கொடுத்துவிடுவதுதான் பேச்சு நேரம் களவுபோகும் முக்கிய வழி. தமிழில் வினை கடைசியில் வருவதால், "நான் நேற்று பிள்ளைகளோடு பூங்காவுக்கு..." என்று அவர் நிறுத்தியதும் "போனேன்" என்று நீங்கள் சொல்லிவிடத் துடிப்பீர்கள். ஆனால் கால இடைநிலையும் விகுதியும் சேர்ந்த அந்தச் சொல்தான் அவர் தேட வேண்டிய சொல். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அவர் உதவி கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் காத்திருங்கள்.

தொடக்க நிலையாளரிடம் இருபது நிமிடம் பேசுமளவுக்குச் சரக்கு இருக்காது என்பது நியாயமான கவலை. இதற்கு, வேறு வேறு தலைப்புகளைத் தேடாமல் ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது நல்ல வழி. பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரே செய்தியை நான்கு நிமிடத்திலும், பிறகு மூன்றிலும், பிறகு இரண்டிலும் சொல்லும் பயிற்சியை ஆராய்ந்தார். பேச்சு வேகம் கூடியதையும் தடுமாற்றங்கள் குறைந்ததையும் அவர் கண்டார். மூல முறையில் ஒவ்வொரு முறையும் கேட்பவர் மாறுவார். உங்களுக்கு ஒரே துணைதான் என்பதால் கேட்பவரின் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதல் முறை வெறுமனே கேளுங்கள், இரண்டாம் முறை குறிப்பெடுங்கள், மூன்றாம் முறை முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவருக்கு நான்கு நிமிடம் அதிகமென்றால் மூன்றில் தொடங்கலாம். "ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும்" என்பது போன்ற அவருடைய வேலைச் சூழலையே செய்தியாக எடுங்கள். மீதி நேரத்தில் அதையே நாடகமாக, நீங்கள் அம்மாவாக இருந்து பேசிப் பாருங்கள். உங்களுக்கும் இந்த அளவு பொருந்தும். கோதே நிறுவனத்தின் பி2 பேச்சுத் தேர்வில் ஏறத்தாழ நான்கு நிமிட உரை ஒன்றும் அதன்பின் ஒரு விவாதமும் உண்டு.

இனித் திருத்தம். 1997இல் ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் கனடாவில், பிரெஞ்சு வழியில் பாடம் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. பிள்ளையின் பிழையான வாக்கியத்தை ஆசிரியர் தாமே சரியான வடிவில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வதே அங்கே மிக அதிகமாகக் காணப்பட்ட திருத்த முறை. கற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்வினை காட்டியதும் மிகக் குறைவு. அவர்களே திருத்திக்கொள்ளும்படி தூண்டிய முறைகளில்தான் பதில் அதிகமாக வந்தது. உங்கள் துணை உங்களைத் திருத்துவதே இல்லை என்று நீங்கள் நினைப்பதிலும் இது ஒளிந்திருக்கக்கூடும். அவர் திருத்திக்கொண்டே இருக்கலாம், உங்கள் காதில் அது பேச்சாகவே விழுந்திருக்கலாம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். நேற்று நகரத்துக்குப் போனேன் என்பதை நீங்கள் "கெஸ்டர்ன் இஷ் பின் இன் டேர் ஷ்டாட் கெகாங்கென்" என்று சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. "கெஸ்டர்ன்" முன்னே வந்தால் வினை இரண்டாம் இடத்துக்கு வர வேண்டும், "கெஸ்டர்ன் பின் இஷ்" என்று. நகரத்தை நோக்கிப் போவதால் "இன் டேர்" என்பது "இன் டீ" ஆக வேண்டும். "இன் டேர் ஷ்டாட்" என்பது நகரத்துக்குள் இருப்பதைக் குறிக்கும். உங்கள் துணை இயல்பாக என்ன சொல்வார்? "ஆஹ், டூ பிஸ்ட் கெஸ்டர்ன் இன் டீ ஷ்டாட் கெகாங்கென்?" என்று மலர்ச்சியோடு கேட்பார். "டேர்" என்பது "டீ" ஆனதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் உங்கள் மனம் அவருடைய கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும். முதல் பிழையோ திருத்தப்படவே இல்லை. அவர் "டூ" என்று தொடங்கியதால் "கெஸ்டர்ன்" பின்னே போய்விட்டது. நீங்கள் தவறவிட்ட சொல் வரிசை அவர் வாக்கியத்தில் வரவே இல்லை. அவர் உங்களைத் திருத்திவிட்டதாகவும், நீங்கள் சரியாகப் பேசியதாகவும் இருவரும் மனநிறைவோடு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஆகவே, பேசும் இருபது நிமிடத்தில் கேட்பவர் குறுக்கிடாமல், பிழையான வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். "சொன்னபடியே" என்பது முக்கியம். சரியான வடிவத்தை மட்டும் எழுதினால் எங்கே பிசகியது என்பது இருவருக்கும் மறந்துவிடும். பகிர்ந்த ஆவணத்தில் எழுதுவதானால், பேசுபவர் அதை அப்போது திறந்து வைத்திருக்கக்கூடாது. கண் திருத்தத்துக்குப் போனால் வாய் நின்றுவிடும், உங்கள் துணைக்கு நடப்பது இதுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் அவற்றில் நான்கைந்தை மட்டும் எடுங்கள். பிழையான வாக்கியத்தை வாசித்துக் காட்டி, "இதை மறுபடி சொல்லிப் பாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். தானாகச் சரியாகச் சொல்லிவிட்டால் அது வாய் தவறியது, விளக்கம் தேவையில்லை. சொல்ல முடியாவிட்டால் சரியான வாக்கியத்தைக் கொடுத்து, அவரை முழுவதுமாக ஒருமுறை சொல்ல வையுங்கள், பிறகு அதே அமைப்பில் வேறு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் முதல் ஐந்து நிமிடத்தில் சோதிக்க வேண்டியவை இந்த இரண்டாம் வகை வாக்கியங்கள்தான். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே பிழை பட்டியலில் வந்தால், அது பரிமாற்றத்தால் தீராது. ஆசிரியரிடமோ இலக்கணப் புத்தகத்திடமோ கொண்டுபோக வேண்டியது.

உடனே திருத்துவது நல்லதா, பிறகு திருத்துவது நல்லதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. திருத்தினால் பேச்சை நிறுத்திவிடுகிறவருக்குப் பிறகு திருத்துவதே ஏற்றது என்பது என் கருத்து. இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறேன்: பிழையால் பொருளே மாறினால் அந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். "பிள்ளை பல்லிக்கு வரவில்லை" என்று அவர் சொன்னால் பள்ளியைச் சொல்கிறார் என்று சூழலால் புரிந்துவிடும், குறித்துக்கொண்டால் போதும். "நாளை நாம் பூங்காவுக்குப் போகிறோம்" என்று ஒரு தாயிடம் சொன்னால், தாயும் உடன்வருவதாக ஆகிவிடும். அவர் சொல்ல நினைத்தது "நாங்கள்". இங்கே "நானும் வரவேண்டுமா?" என்று தாயாகவே கேட்டுவிடுங்கள். அவர் தானாகத் திருத்திக்கொள்வார், பேச்சும் முறியாது.

தாய்மொழியாளரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "ஏன்?" என்பது. "இன் டேர்" ஏன் "இன் டீ" ஆகிறது என்று கேட்டால் அவர் ஏதோ ஒரு விதியை அந்த நேரத்தில் உருவாக்கித் தருவார், அது பாதி தவறாக இருக்கும். "எனக்குத் தேநீர் பிடிக்கும்" என்பதில் ஏன் "நான்" வரவில்லை என்று அவர் கேட்டால் நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?", "உங்கள் அம்மாவிடம் பேசும்போதும் இப்படியே சொல்வீர்களா?" என்ற கேள்விகளுக்குத்தான் அவர்களால் நம்பகமான பதில் தர முடியும்.

உங்கள் இணைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, இதைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தமிழுக்குத் திருத்தப் போகிறீர்கள்? அவர் புத்தகத்தில் படித்த "வருகிறேன்" என்பதைப் பிழை என்று குறித்தால் அவர் குழம்பிப்போவார். அது பிழையல்ல, பேச்சில் வராத வடிவம், அவ்வளவே. அவர் பேசப் போவதோ ஈழத்தமிழ்ப் பெற்றோருடன். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவரிடம் கேட்டுப் பழகிய "வாறன்" என்பதையும், "பேச" என்பதற்குப் பதிலாக "கதைக்க" என்பதையும் அவர் சொல்லும்போது, திருச்சிக்காரரான நீங்கள் அவற்றை "வர்றேன்" என்றும் "பேச" என்றும் மாற்றினால், அவருக்கு வேண்டியதைக் கெடுக்கிறீர்கள். உங்கள் குறிப்பில் பிழைக்கு ஒரு குறியும், "திருச்சியில் இப்படிச் சொல்வோம்" என்பதற்கு வேறொரு குறியும் வையுங்கள். இரண்டாவதை அவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஈழத்து வழக்கில் உங்களுக்கு உறுதியில்லாத இடங்களில், அந்தப் பெற்றோரிடமே கேட்டுவரச் சொல்லுங்கள். அவருக்கு அதுவே பேச ஒரு சாக்காகவும் அமையும்.

ஜெர்மன் பக்கத்திலும் இதன் மறுபாதி உண்டு. "வைல்" என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினை கடைசியில் வர வேண்டும் என்பது நீங்கள் படித்த விதி. பேச்சில் ஜெர்மானியர்கள் பலர் வினையை இரண்டாம் இடத்திலேயே வைத்துச் சொல்வார்கள். உங்கள் துணைக்கு அது உறுத்தாது, அதனால் திருத்தவும் மாட்டார். தேர்வில் அது பிழையாகவே கொள்ளப்படலாம். மேலும், அவர் உங்களை நெருக்கமானவரை அழைக்கும் "டூ" என்றுதான் அழைப்பார், நீங்களும் அவ்வாறே. ஆனால் மருத்துவமனையில் நோயாளியிடம் நீங்கள் பேச வேண்டியது மரியாதையான "ஸீ" போட்டு. நண்பருடன் மட்டுமே ஜெர்மன் பேசிப் பழகிய மாணவர்கள், இலக்கணம் நன்றாக இருந்தும், முதியவரான நோயாளியிடம் "டூ" என்று தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாரந்தோறும் ஜெர்மன் பாதியில் பத்து நிமிடமாவது அவர் நோயாளியாகவோ நோயாளியின் மகளாகவோ நடிக்கட்டும், அந்த நேரம் முழுவதும் இருவரும் "ஸீ"யிலேயே பேசுங்கள். மருந்தின் பெயர், அளவு போன்ற துறைச் சொற்களில் அவரை நம்ப வேண்டாம். மழலையர் பள்ளியில் வேலை செய்பவருக்கு ஊசி போடுவதற்கான முறையான சொற்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த சந்திப்பில் இவை எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புகுத்தாதீர்கள். முதலில் அலாரமும், தமிழ் முதல் பாதியும் மட்டும் வரட்டும். இரண்டாம் வாரம், ஆளுக்கு ஒரே ஒரு வகைப் பிழையைச் சொல்லிக்கொள்ளுங்கள்: நீங்கள் வினையின் இடத்தைக் கேளுங்கள், அவர் எதைக் கேட்கிறாரோ அதை அவரே சொல்லட்டும். மாத இறுதியில் ஒரு சந்திப்பைப் பதிந்து அளந்து பாருங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்துக்குப் பிறகும் தமிழ்ப் பாதியில் உங்கள் பேச்சு பத்து நிமிடத்துக்குக் குறையவில்லை என்றால், ஒரு மணி நேரம் அவருடைய தமிழுக்கு இன்னும் நீளம் என்று பொருள். அப்போது வாரம் ஒரு மணி என்பதை இரு நாள்களில் அரைமணி அரைமணியாக உடைத்து, ஒவ்வொன்றிலும் கால் மணி தமிழ், கால் மணி ஜெர்மன் என்று வைத்துப் பாருங்கள். நேரம் குறிக்கும்போது, மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் ஜெர்மனியில் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நாலரை மணி நேரமாக இருக்கும் இடைவெளி கோடையில் மூன்றரையாகிவிடும்.